விளையாட்டாகத்தான் சொன்னேன்

கோவையில் ஒரு வங்கிக் கிளையைக் கற்பனை செய்துகொள்வோம். மேலாளர் கலகலப்பான பெண்மணி. புதிதாகச் சேர்ந்த எழுத்தர், தமிழ்வழியில் படித்துத் தேர்வெழுதி வந்தவர். முதல் வாரக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் 'இஸ்கூல்' என்று சொல்லிவிட்டார். "நம்ம இஸ்கூல் மேடம் என்ன சொல்றாங்க?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்தார். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

எழுத்தரின் சிரிப்பு மேலாளரை ஏமாற்றியது. மேலதிகாரி கிண்டல் செய்தால், வேலை இன்னும் நிரந்தரமாகாத ஒருவர் சிரிக்காமல் என்ன செய்வார்? முகம் சுளித்தால் தொட்டாற்சிணுங்கி என்பார்கள், பதிலுக்குக் கிண்டல் செய்தால் திமிர் என்பார்கள். அதனால் காயத்தைச் சிரிப்பில் தேடிப் பயனில்லை. அவர் எதையெல்லாம் செய்யாமல் நிறுத்திவிட்டார் என்றுதான் பார்க்க வேண்டும். இந்த எழுத்தர் கூட்டத்தில் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரைப் பேசச் சொல்லிவிட்டு, பதிலுக்கு அவருடைய வேலையைத் தான் செய்து கொடுத்தார். பயந்த சுபாவம் என்றே மேலாளர் நினைத்திருந்தார்.

ஒருநாள் நகைக்கடன் புதுப்பிக்க வந்த பெரியவர், "இஸ்கூல் மேடம் இருக்காங்களாம்மா?" என்று அந்த எழுத்தரிடமே கேட்டார். அதுதான் பெயர் என்று நம்பிக் கேட்டார். எழுத்தரின் முகம் போன போக்கை மேலாளர் பார்த்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்பது என்று அன்றிரவே முடிவு செய்தார். "விளையாட்டாத்தான் சொன்னேன், மனசு கஷ்டப்பட்டிருந்தா ஸாரி" என்று போனில் தட்டியவர், அனுப்பாமல் அழித்தார். 'விளையாட்டாத்தான்' என்பது தனக்கான வக்காலத்து. 'கஷ்டப்பட்டிருந்தா' என்பது கண்ணால் பார்த்த காயத்தையே சந்தேகிப்பது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது. 'தவறு என்னுடையது' என்று பொறுப்பேற்பதே அவற்றில் முக்கியமானதாகத் தெரிந்தது. செய்ததைச் சரிசெய்ய முன்வருவது அடுத்தது. 'மன்னித்துவிடு' என்று கேட்பதற்குத்தான் மதிப்பு எல்லாவற்றிலும் குறைவு. நம் கதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. மேலதிகாரி "மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டால், இளையவர் "ஆமாம் மேடம்" என்றுதானே சொல்ல முடியும்?

மறுநாள் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். "உங்க உச்சரிப்பை வெச்சு எல்லார் முன்னாடியும் உங்களுக்குப் பட்டப்பேர் வெச்சேன். அது வாடிக்கையாளர் வரைக்கும் போயிருக்கு. தப்பு என்னோடது. இனிமே சொல்ல மாட்டேன், சொல்லவும் விட மாட்டேன். இதைக் கூட்டத்துல நான் சொல்லணுமா, வேண்டாமான்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"பரவாயில்ல மேடம்" என்றார் எழுத்தர்.

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பழகிப்போன பட்டப்பெயரை நாளையே வேறொருவர் சொல்வார். அப்போது அந்த இடத்திலேயே, "அவங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று தடுக்க வேண்டியவர், பெயர் வைத்த மேலாளர்தான்.