மூடி சரியாகப் பூட்டாத ஒரு போத்தல்: வீட்டில் சீனி பார்க்கும் மெசினை எப்போது நம்பலாம்?

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் மாமாவுக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். 2009 இல் விழுந்த ஷெல் அவருடைய இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. சீனி பார்க்கும் மெசினை கனடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு அளவையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைப்பது மாமாவின் பழக்கம்.

இந்த வருடம் சித்திரையில் அந்தக் கொப்பியைப் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் 190, 204, 187, 211 என்று போகிறது. பயந்துபோன மாமா இராச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். யாரையும் கேட்காமல் குளிசையையும் அரைவாசி கூட்டியிருக்கிறார். ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி எழும்பியிருக்கிறார். மாமி உடனே மெசினில் பார்த்தா. 118 என்று காட்டியது. "சீனி குறையேல்லைத்தானே" என்று சொல்லி, ஒன்றும் கொடுக்காமல் படுக்க வைத்திருக்கிறா.

அடுத்த கிளினிக் நாளில் விஷயம் வெளியே வந்தது. அன்று காலை வீட்டில் மெசின் 198 காட்டியது. ஒரு மணித்தியாலத்துக்குள், அதே வெறும் வயிற்றில், கிளினிக்கில் நரம்பில் எடுத்த இரத்தத்தின் முடிவு 131. டொக்டர் கொப்பியையும் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மெசினை முதலில் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

67 புள்ளி வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. வீட்டு மெசின்கள் ஆய்வுகூடம் போல மிகத் துல்லியமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இவற்றுக்கான சர்வதேச தரத்தின்படி, சீனி அளவு 100 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, நூறு தடவையில் குறைந்தது 95 தடவையாவது ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 131 என்றால் மெசின் 112 முதல் 150 வரை எதைக் காட்டினாலும் குறை சொல்ல முடியாது. 198 அந்த எல்லைக்கு வெகு வெளியே நிற்கிறது.

மாமி மெசின் பழுது என்று நினைத்தா. எனக்கு ஸ்ரிப் போத்தலில்தான் சந்தேகம்.

ஸ்ரிப் எப்படிக் கெடுகிறது

ஸ்ரிப்பின் நுனியில் ஒரு நொதியும், அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஓர் இரசாயனமும் பூசப்பட்டிருக்கின்றன. இரத்தத்தில் உள்ள குளுக்கோசோடு நொதி தாக்கம் புரிந்து எடுக்கும் இலத்திரன்களை அந்த இரசாயனம் வாங்கி மின்வாய்க்குக் கொடுக்கிறது. அங்கே உண்டாகும் சிறு மின்னோட்டத்தைத்தான் மெசின் அளந்து இலக்கமாக மாற்றுகிறது. சூட்டில் நொதி பழுதானால் மின்னோட்டம் குறைந்து, அளவு குறைவாகக் காட்டலாம். காற்றின் ஈரம் உள்ளே போனால் அந்த இரசாயனம் இரத்தம் படுவதற்கு முன்னரே மாறத் தொடங்கும். அப்போது இல்லாத சீனிக்கும் மின்னோட்டம் வரும், அளவு கூடக் காட்டும். ஆகவே கெட்ட ஸ்ரிப் எந்தப் பக்கம் பிழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பார்வைக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. பெரும்பாலான மெசின்கள் காலாவதியான ஸ்ரிப்பை அடையாளம் காண்பதுமில்லை. ஒழுங்காக ஓர் இலக்கத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

மாமாவின் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மணல் கடிகாரம் போன்ற குறிக்குப் பக்கத்தில் இருந்த காலாவதித் திகதி இன்னும் வரவில்லை. ஆனால் அது திறக்காத போத்தலுக்கான திகதி. சில கம்பனிகளின் ஸ்ரிப்பைத் திறந்த பிறகும் அந்தத் திகதி வரை பாவிக்கலாம். வேறு சிலதைத் திறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது ஆறு மாதம்தான் பாவிக்கலாம். மாமாவின் பெட்டிக்குள் இருந்த தாளில் மூன்று மாதம் என்று போட்டிருந்தது. கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினால், அந்தப் போத்தல் திறந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இது மாமாவின் கவலையீனம் மட்டுமில்லை, கணக்கே அப்படி. கிழமைக்கு இரண்டு தடவை பார்ப்பவருக்கு 50 ஸ்ரிப் 25 கிழமைக்கு வரும். மூன்று மாதம் என்பது ஏறக்குறைய 13 கிழமை. அதற்குள் 26 ஸ்ரிப்தான் முடியும், மிச்சம் 24 வீண். விலை மலிவு என்று 50 உள்ள போத்தலை வாங்குவதை விட, இப்படியானவர்கள் 25 உள்ளதை வாங்குவது இலாபம். திறந்த அன்றே போத்தலில் பேனையால் திகதியை எழுதிவிட்டால் பிறகு யோசிக்கத் தேவையில்லை.

அடுத்தது மூடி. "ஒரு கையாலை உதைப் பூட்டுறது பெரிய வேலை பிள்ளை. அதுதான் மேலாலை வைச்சு விடுறனான்" என்றார் மாமா. அந்தப் போத்தலின் மூடியிலோ உட்சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கும். மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்கும் வரைதான் அது காப்பாற்றும். திறந்தே கிடந்தால் அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நிரம்பிவிடும், பிறகு பூட்டியும் பயனில்லை. ஸ்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றுவதும், பழைய போத்தலில் மிஞ்சியதைப் புதியதற்குள் கொட்டுவதும் இதே காரணத்தால் பிழை.

திரவத்தால் சோதித்தோம்

ஊகத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மெசின் கம்பனிகள் கொன்ரோல் திரவம் என்று ஒரு சின்னப் போத்தல் விற்கின்றன. அதில் இரத்தம் இல்லை, தெரிந்த அளவு குளுக்கோஸ் கலந்த திரவம். உங்கள் மெசினின் அதே கம்பனித் திரவமாக இருக்க வேண்டும். வீட்டில் சீனித் தண்ணீர் கரைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. எல்லாப் பாமசியிலும் இது இருக்காது. நான் யாழ்ப்பாணத்தில் சொல்லி வைத்து எடுத்தேன். திறந்த பிறகு இதற்கும் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள்.

முதலில் மெசின், ஸ்ரிப், திரவம் மூன்றையும் நிழலான அறையில் அரை மணித்தியாலம் வைத்தோம். திரவத்தைக் குலுக்கி, முதல் துளியைத் துடைத்து எறிந்து, இரண்டாவது துளியைச் சுத்தமான ஒரு பிளாஸ்ரிக் மூடியில் விட்டோம். ஸ்ரிப்பை மெசினில் செருகி, நுனியை அந்தத் துளியில் தொட்டோம். போத்தல் நுனியை நேரே ஸ்ரிப்பில் முட்ட வைத்தால் திரவப் போத்தலே அழுக்காகும். சில மெசின்களில் இது திரவச் சோதனை என்று முதலே தெரிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இந்த இலக்கமும் உங்கள் இரத்த அளவுகளோடு சேர்ந்துவிடும்.

வந்த இலக்கத்தை ஒப்பிட வேண்டியது ஸ்ரிப் போத்தலில் அச்சிட்ட எல்லையோடு. இது திரவத்துக்கான எல்லை. இதைத் தன் உடம்பில் சீனி இருக்க வேண்டிய அளவு என்று நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. மாமாவின் போத்தலில் 102 முதல் 138 வரை என்று இருந்தது. எங்களுக்கு வந்தது 171. இன்னொரு ஸ்ரிப்பில் 168. ஒருமுறை வெளியே போனால் கைப்பிழையாக இருக்கலாம். இரண்டு முறையும் போனால் அந்த ஸ்ரிப்பால் இரத்தம் பார்க்கக் கூடாது.

ஆனால் பிழை ஸ்ரிப்பிலா, மெசினிலா? அதே மெசினிலும் அதே திரவத்திலும் புதிய போத்தல் ஒன்றைத் திறந்து பார்த்தோம். அதன் எல்லை 98 முதல் 133. வந்தது 114. மெசினிலும் திரவத்திலும் பிழை இல்லை, பழைய போத்தல்தான் குற்றவாளி. புதியதும் எல்லைக்கு வெளியே போயிருந்தால், திரவத்தின் திகதியையும், பிறகு மெசினையும் சந்தேகித்திருப்போம். மறுநாள் காலை வெறும் வயிற்றில் மாமாவின் அளவு 134.

புதிய போத்தல் திறக்கும்போதும், மெசின் கீழே விழுந்தாலும், காட்டும் இலக்கம் உடம்பு சொல்வதோடு பொருந்தாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். திரவம் கிடைக்காதவர்கள் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் அன்று, சாப்பிடாமல், அதே நேரத்தில் தங்கள் மெசினிலும் பார்த்து ஒப்பிடலாம். சாப்பிட்ட பிறகு ஒப்பிட வேண்டாம். அப்போது விரல் இரத்தத்தில் சீனி நரம்பு இரத்தத்தை விடக் கூடவே இருக்கும். திரவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஸ்ரிப்பையும் மெசினையும்தான் சோதிக்கும். மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினால் வரும் பிழையை அது காட்டாது.

எங்கே வைப்பது

பெரும்பாலான ஸ்ரிப்புகளைச் சுமார் 30 பாகைக்குள் வைக்கச் சொல்கிறார்கள், சரியான எல்லை போத்தலில் இருக்கும். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அந்த அளவு இலேசாகத் தாண்டும். மாமாவின் மெசினும் ஸ்ரிப்பும் இருந்தது குசினி யன்னல் தட்டில், ஒரு பக்கம் அடுப்பு ஆவி, மறுபக்கம் வெயில்.

பிரிட்ஜ் இருக்கும் வீடுகளில் இன்சுலினோடு ஸ்ரிப்பையும் உள்ளே வைக்கிறார்கள். பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலினைக் குளிர்மையாக வைக்கும் ஈர மண்பானைக்குள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுகிறார்கள். இரண்டும் பிழை. இன்சுலினுக்குக் குளிர்மை வேண்டும், ஸ்ரிப்புக்கு உலர்ந்த இடம் வேண்டும். குளிரிலிருந்து எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் படியும். உள் அறையில், நிலத்துக்குக் கிட்டவாக, வெயில் படாத சுவரோரம் ஓர் அலுமாரித் தட்டோ றங்குப்பெட்டியோ போதும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மெசினை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

மாமாவுக்கு இப்போது ஒரு பக்கம் பொருத்தப்பட்டு, பெருவிரலால் தட்டித் திறக்கும் மூடியுள்ள போத்தல். அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஒரு ஸ்ரிப்பை எடுத்து, "டிக்" என்று சத்தம் கேட்க மூடியை அமத்திய பிறகுதான் விரலைக் குத்துகிறார். ஒவ்வொன்றாகத் தாளில் பொதிந்த ஸ்ரிப்பும் உண்டு. அரிதாகப் பார்ப்பவர்களுக்கு அது நல்லது, ஆனால் அந்தத் தாளை ஒரு கையால் கிழிப்பது கஷ்டம்.

அன்று விடியப்புறம் மாமாவின் சீனி உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இனி அறிய முடியாது. கூடக் காட்டும் ஸ்ரிப் 118 என்றதால், நன்றாகக் குறைந்திருக்கலாம். வேர்த்து நடுங்கும்போது மெசின் என்ன சொன்னாலும், ஆள் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து முதலில் கொடுக்க வேண்டும். மெசினைப் பிறகு விசாரிக்கலாம். குளிசையின் அளவை டொக்டர் பழையபடி ஆக்கிவிட்டார். கொப்பியில் அந்த ஐந்து மாதப் பக்கங்களுக்குக் குறுக்கே மாமா ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.