அகலத்தை மாற்றினால் துளைகளும் கூடவே நகர வேண்டும்

240 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு இரும்புத் தகடு. ஓரத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி முதல் துளை, பிறகு 50 மி.மீ.க்கு ஒன்று என மொத்தம் ஐந்து துளைகள். இரண்டு ஓரத்திலும் சமமாக 20 மி.மீ. விட்டு வரிசை அழகாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ஆர்டரில் வாடிக்கையாளர் அகலம் 300 வேண்டும் என்கிறார். வரைவாளர் சாலிட்வொர்க்ஸில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றுகிறார். தகடு நீள்கிறது, துளைகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. கடைசித் துளைக்கும் வலது ஓரத்துக்கும் நடுவில் இப்போது 80 மி.மீ. கிடக்கிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை இதில் தவறே இல்லை. கொடுத்த எண்ணின்படி தகட்டை வரைந்துவிட்டது. தகட்டை லேசரில் வெட்டி, மறுபாகத்தில் வைத்து போல்ட் போடும்போதுதான் கோளாறு தெரியும்.

அந்த நேரத்தில் பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய டிராயிங்கில் இருந்தபடியே அவர் வெட்டித் தந்திருக்கிறார். வீணான தகட்டின் விலையும் வெட்டுக்கூலியும் டிராயிங் கொடுத்தவர் தலையில்தான் விழும்.

இதைத் தடுக்கும் வழி சாலிட்வொர்க்ஸுக்குள்ளேயே இருக்கிறது. `Tools` மெனுவில் `Equations` என்பதைத் திறந்தால் `Global Variables` என்ற பகுதி வரும். மாதிரி முழுவதற்கும் பொதுவான பெயர்களை அங்கே அமைத்துக்கொள்ளலாம். அளவு அலகு `MMGS` என்று இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, கீழே உள்ளவற்றை எழுதுங்கள்.

```
"Width" = 240
"Edge" = 20
"MaxPitch" = 60
"Span" = "Width" - 2 * "Edge"
"Count" = int(("Span" - 0.01) / "MaxPitch") + 2
"Pitch" = "Span" / ("Count" - 1)
```

இதில் மனிதர் தீர்மானிப்பவை மூன்றே: அகலம், ஓர இடைவெளி, துளைக்குத் துளை அதிகபட்சம் எவ்வளவு தூரம் விடலாம் என்பது. மற்ற மூன்றும் கணக்கில் தானாக வரும். முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் உள்ள தூரம் `Span`. அந்தத் தூரத்தில், 60-ஐத் தாண்டாத இடைவெளிகள் அமைய எத்தனை துளை வேண்டும் என்பதை `Count` சொல்கிறது. `int` பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணைத் தரும். 0.01 கழிப்பதற்கும் காரணம் உண்டு. `Span` சரியாக 180 ஆக இருந்தால் மூன்று இடைவெளியும் நான்கு துளையும் போதும். அதைக் கழிக்காவிட்டால் கணக்கு தேவையில்லாமல் ஐந்தாவது துளையையும் சேர்த்துவிடும்.

இந்தப் பெயர்களை அளவுகளோடு கட்டுவது அடுத்த வேலை. `D1@Sketch1` போன்ற பெயர்களை அப்படியே விட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று யாருக்கும் புரியாது. அளவைச் சொடுக்கி, இடப்பக்கப் பலகத்தில் பெயரை மாற்றிவிட்டுப் பிறகு இப்படிக் கட்டுங்கள்.

```
"PlateWidth@Sketch1" = "Width"
"FirstHole@Sketch2" = "Edge"
"HoleCount@LPattern1" = "Count"
"HolePitch@LPattern1" = "Pitch"
```

இனி `Width`-ஐ 300 ஆக்கினால் `Span` 260 ஆகும், துளைகள் ஆறாகும், இடைவெளி 52 ஆகும். இரு ஓரத்திலும் 20 அப்படியே இருக்கும். சமன்பாட்டில் கட்டிய அளவுகளின் முன்னால் Σ குறி தெரியும். அது இல்லாத அளவு ஏதாவது கண்ணில் பட்டால், அது இன்னும் தனியாக நிற்கிறது என்று பொருள்.

ஒரு அகலத்தில் சரியாக வந்தது என்பதற்காக நம்பி அனுப்பிவிடாதீர்கள். கணக்கு புரளும் எல்லையில் இரண்டு பக்கமும் சோதித்துப் பாருங்கள். அகலம் 220 என்றால் நான்கு துளை, 60 இடைவெளி வர வேண்டும். 221 என்றால் ஐந்து துளை, சுமார் 45 இடைவெளி. இந்த இரண்டும் சரியென்றால் `int` நீங்கள் நினைத்தபடி வேலை செய்கிறது. பிறகு மிகச் சிறிய அகலத்தையும் போட்டுப் பாருங்கள். 55 கொடுத்தால் 15 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை வரும். எம்8 போல்ட்டுக்கு அது போதாது. இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800:2007, துளைகளின் மையத்துக்கு மையம் குறைந்தது போல்ட் விட்டத்தின் 2.5 மடங்கு, அதாவது இங்கே 20 மி.மீ. கேட்கிறது. கணினிக்கு இந்த விதி தெரியாது. ஆகவே அகலம் 60-க்குக் கீழே போகக்கூடாது என்று கோப்பிலும் டிராயிங்கிலும் குறிப்பாக எழுதிவைப்பது நல்லது. அதே சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா அளவுக்கும் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பு.

மாதிரி சரியாக இருந்தும் டிராயிங் பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அவசரத்தில் யாராவது அளவெழுத்தில் உள்ள `<DIM>` என்பதை அழித்துவிட்டு அங்கே 50 என்று தட்டியிருக்கலாம். அந்த 50 இனி எந்த மாற்றத்துக்கும் அசையாது. சந்தேகமான அளவைச் சொடுக்கி, எழுத்துப் பெட்டியில் `<DIM>` இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கையால் தட்டிய எண்.

மறுபாகம் தனிக் கோப்பில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே எண்கள் போக வேண்டும். சமன்பாட்டு ஜன்னலில் `Link to external file` என்பதைத் தேர்ந்தால், எல்லாச் சமன்பாடுகளையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்து இரு பாகங்களையும் அதனோடு இணைக்கலாம். அந்தக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் இணைப்பு அறுந்துபோகும். எனவே மாதிரிகளோடு அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

இனி உரிமைக்கு வருவோம். வெளியாளிடம் பணம் கொடுத்து மாதிரி வரைந்து வாங்கும் சிறு தொழில்முனைவோர் பலர், டி.எக்ஸ்.எஃப் அல்லது ஸ்டெப் கோப்போடு திருப்தியாகிவிடுகிறார்கள். இரண்டிலும் சமன்பாடு வராது, வெறும் கோடுகளும் வடிவமும்தான் வரும். அகலம் மாறினால் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும். பணம் கொடுத்துவிட்டால் டிராயிங் நம்முடையதுதான் என்ற எண்ணமும் சட்டப்படி சரியல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி பொறியியல் வரைபடம் ஒரு கலைப்படைப்பு. நிறுவனத்தின் ஊழியர் தன் வேலையாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே உரியது. வெளியிலிருந்து வரைந்து தருபவர் விஷயம் வேறு. உரிமை முதலில் அவரிடமே இருக்கும். அதை மாற்றித்தர அவர் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஆவணம் வேண்டும் என்கிறது பிரிவு 19. ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே.

வேலை முடிந்த பிறகு கேட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், நியாயமாகவும் கேட்கலாம். ஆகவே அடுத்த ஆர்டரை அனுப்பும்போதே எழுதிவிடுங்கள்: சாலிட்வொர்க்ஸ் மூலக் கோப்பு, இணைந்த டெக்ஸ்ட் கோப்பு, சோதித்த மூன்று அகலங்களின் துளை எண்ணிக்கையும் இடைவெளியும், பதிப்புரிமை மாற்றக் கையெழுத்து. இந்த நான்கும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.