விளாவாத வெந்நீர்

சைனஸ் தொல்லைக்கு மூக்கைக் கழுவச் சொல்லி டாக்டர் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் எழுதிக் கொடுத்தால், எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-ல் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி உயிரிழந்தார்கள். சுத்திகரித்து வந்த நகரத் தண்ணீர்தான். ஆனால் அவர்கள் வீட்டுக் குழாய்களில் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா இருந்தது.

இந்த அமீபா உள்ள தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வருவதில்லை. மூக்கின் உச்சிக்குப் போனால்தான் ஆபத்து. வாசனை நரம்பு அங்கிருந்து நேரே மூளைக்குப் போகிறது. அதையே பிடித்துக்கொண்டு அமீபாவும் ஏறிவிடும். இப்படி நேர்வது மிக அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் குடிக்க உகந்த தண்ணீர் மூக்குக்குப் போதாது. கேன் தண்ணீரானாலும், வீட்டு ஃபில்டரில் பிடித்ததானாலும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். கீசர் வெந்நீர் கொதித்த நீர் ஆகாது. வெதுவெதுப்பு இந்த அமீபாவுக்குப் பிடித்தமான சூடு. உப்பும் அதைக் கொல்லாது.

அரை லிட்டர் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். அடியில் சிறு குமிழிகள் தெரிவதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடக் கூடாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் வேண்டும். பிறகு மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். குளிக்கிற வெந்நீரை விளாவும் பழக்கத்தில், அவசரத்துக்குக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் கலந்துவிடுகிறோம். அந்த ஒரு டம்ளரோடு கொதிக்க வைத்த பலன் போய்விடுகிறது. காலையில் அவசரம் என்றால் முந்தின இரவே காய்ச்சி, சுத்தமான பாத்திரத்தில் மூடி வைக்கலாம். 24 மணி நேரத்துக்குமேல் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ச்சியதில் ஏறக்குறைய பாதி, 240 மில்லி பாட்டிலுக்குப் போதும். மீதி, பாட்டிலைக் கழுவுவதற்கு. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மூக்கைக் கழுவி முடித்ததும் பாட்டிலில் மிஞ்சிய உப்புநீரைக் கொட்டிவிடுங்கள். மூடியையும் உள்ளே இருக்கும் குழலையும் தனியாகக் கழற்றிச் சோப்புநீரில் கழுவி, கடைசி அலசலை ஆறவைத்த அந்தத் தண்ணீரிலேயே செய்யுங்கள். பிறகு மூடாமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் பிடிக்கும். அது கிருமிகள் கட்டிய படலம். விரலுக்கு வழுக்கினாலும், குழல் மங்கினாலும், எப்படியும் மூன்று மாதம் ஆனாலும் புது பாட்டில் வாங்கிவிடுங்கள்.

மூக்கு கழுவிய சில நாள்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் தண்ணீரில் மூக்கைக் கழுவினீர்கள் என்பதையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.