கண்ணாடியில் விழுந்த ஜன்னல்

பெரியவர் ஒருவரின் படத்தில், மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் வெள்ளையாகப் படிந்து ஒரு பக்கக் கருவிழியில் பாதியை மறைத்துவிட்டது. மங்கலான பிரதிபலிப்பென்றால் அந்த இடத்தில் மட்டும் கருமையைக் கூட்டினால் கண் தெரியும். முழு வெள்ளையானால் அடியில் எதுவும் பதிவாகியிருக்காது. அதனால்தான், தலையை அசைக்காமல் கண்ணாடியைக் கழற்றவைத்து இன்னொரு படமும் எடுத்துவைப்பேன்.

அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுத்துத் தனி லேயரில் வைத்து, மாஸ்க் போட்டு ஃபிரேமுக்குள் அடக்கலாம். பலர் தவறுவது இங்கேதான். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும். அதனால் ஒட்டிய கண் பெரிதாக முழிக்கும். லேயரைப் பாதி மங்கலாக்கி, மறையாத கண்ணோரங்கள் அடிப்படத்தோடு பொருந்தும்வரை சுருக்குங்கள். கருவிழியிலுள்ள சிறு ஒளிப்புள்ளியை மட்டும் அழித்துவிடாதீர்கள், பார்வையின் உயிரே அதுதான்.