கொட்டேஷனின் கடைசி வரி

"டாலர் மதிப்பு மாறினால் விலையும் மாறும்." வெளிநாட்டு மெஷினுக்கு விலை கேட்டால் வரும் கொட்டேஷனின் அடியில், சின்ன எழுத்தில், பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும். விலை பேசும்போது அதை யாரும் தொடுவதில்லை. பணம் கட்டும் நாளில்தான் இரு தரப்பும் எடுத்துப் படிக்கிறார்கள், ஆளுக்கொரு அர்த்தத்தில்.

2025 ஜூலையில் ஒரு டாலர் ஏறத்தாழ 86 ரூபாய். அதே டிசம்பரில் அது 90-ஐத் தாண்டியது. ஆர்டர் கொடுத்து மெஷின் கப்பலேற மூன்று நான்கு மாதம் ஆகும் தொழிலில் இது சின்ன மாற்றமில்லை.

திருப்பூரில் ஒருவர் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் விலை 40,000 டாலர். 86 ரூபாய் வீதம் 34,40,000. உள்ளூர் லாரி வாடகை, பொருத்திக் கொடுக்கும் கூலி, விற்பவரின் லாபம் எல்லாம் சேர்த்து 4,60,000. மொத்தம் 39 லட்சம்; வரிகள் தனி. 30 சதவீதம் அட்வான்ஸ் கட்டிய நாளில் ரேட் அதே 86. மெஷின் கப்பலேறும் முன் மீதி 70 சதவீதம் கட்டப் போகும்போது ரேட் 89.

விற்பவர் 39 லட்சம் முழுவதையும் புது ரேட்டுக்கு ஏற்றி, கூடுதலாக 1,36,000 ரூபாய் கேட்கிறார். "ஏனுங்க, அட்வான்ஸ்தான் அப்பவே கட்டியாச்சே, லாரி வாடகைக்கும் டாலருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறார் வாங்குபவர். அவர் கணக்கில் பாக்கி இருப்பது 28,000 டாலர். டாலருக்கு 3 ரூபாய் வீதம் 84,000 தான். போதாததற்கு, செல்போனில் தேடினால் வரும் ரேட்டும் பாங்க் டாலரை விற்கும் ரேட்டும் ஒன்றாக இருப்பதில்லை. செல்போனில் வருவது சந்தையின் நடு ரேட். பாங்க் தன் லாபத்தையும் வைத்துத்தான் விற்கிறது.

இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த ஒற்றை வரியில் எந்த நாளின் ரேட், யாருடைய ரேட், எந்தத் தொகைக்கு என்று எதுவுமே இல்லை. அதனால் இரண்டு கணக்குக்கும் அதில் இடமிருக்கிறது. அதை இப்படித் திருத்தி எழுதலாம்:

"இந்த விலை ஒரு டாலர் ரூ. 86.00 என்ற கணக்கில் தரப்படுகிறது. ரேட் என்பது எங்கள் பாங்க் (பெயர் குறிப்பிடுக) அன்று வெளியிடும் செல்லிங் ரேட். மாற்றம், மெஷின் விலையான 40,000 டாலருக்கு மட்டுமே, மற்ற ரூ. 4,60,000 மாறாது. ஒவ்வொரு தவணைக்கும், அது எங்கள் கணக்கில் வந்து சேரும் நாளின் ரேட் பார்க்கப்படும். 1 சதவீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் விலை மாறாது. அதற்கு மேல் ஏறிய அளவுக்குக் கூடும், இறங்கிய அளவுக்குக் குறையும்."

இந்தக் குறிப்புப்படி 86-க்கு ஒரு சதவீதம் 86 பைசா. ஆக 86.86 வரை விற்பவர் பொறுப்பு. அதற்கு மேல் ஏறியது 2.14 ரூபாய். 28,000 டாலருக்கு 59,920 ரூபாய். முதலில் கேட்ட தொகையில் பாதிகூட இல்லை. ஆனால் விற்பவருக்கும் இது நஷ்டம் மட்டுமே என்று சொல்ல முடியாது. தான் தாங்க வேண்டியது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவதால், அந்த 86 பைசாவை லாபத்தில் கணக்கிட்டுத்தான் அவர் விலை சொல்வார். இதுகூட வேண்டாம், விலை அசையவே கூடாது என்று வாங்குபவர் கேட்டால், விற்பவர் பாங்கில் ஃபார்வர்ட் போட்டு ரேட்டை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளலாம். அதற்கான செலவு விலையில் ஏறும்.

சுங்க வரியை இந்தக் குறிப்புக்குள் இழுக்கக் கூடாது. அதற்குச் சுங்கத்துறை அறிவிக்கும் ரேட் வேறு. பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும். "பில் ஆஃப் என்ட்ரியில் உள்ளபடி" என்று தனி வரியாக எழுதிவிடலாம்.

பலரும் விட்டுவிடும் ஒன்று, தாமதம். அக்டோபர் 15-க்குள் மெஷின் கப்பலேறும் என்று சொன்னவர் நவம்பர் கடைசியில்தான் ஏற்றுகிறார். பாக்கிப் பணமும் அப்போதுதான் கேட்கப்படுகிறது. இடையில் டாலர் ஏறினால் அந்தச் சுமை யாருக்கு? திருத்திய குறிப்பில் இன்னொரு வாக்கியம் சேர வேண்டும்: "தாமதம் எங்களால் என்றால், சொன்ன தேதியின் ரேட்டுக்கு மேல் கேட்க மாட்டோம், உங்களால் என்றால், கெடு தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எந்த ரேட் அதிகமோ அது." அக்டோபர் 15 அன்று ரேட் 88 என்றால், வாங்குபவர் தர வேண்டிய கூடுதல் 31,920 ரூபாய்தான். ரேட் 89-க்குப் போனதால் வந்த மிச்சம் 28,000 ரூபாய், மெஷினைத் தாமதமாக ஏற்றியவர் கணக்கில்.