ஒன்பது மணிச் செய்தி

“மாணவியர் கவனத்துக்கு: வரும் திங்கள் முதல், இரவு 9.00 மணிக்குள் விடுதிக்குத் திரும்பாதவர்கள் குறித்தும், பார்வையாளர் வருகை குறித்தும் பெற்றோரின் செல்போனுக்குத் தானாகவே குறுஞ்செய்தி செல்லும். - வார்டன்.”

மெஸ் கதவில் இப்படியொரு நோட்டீஸ் ஒட்டினால் மாணவிகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஊரில் இருக்கும் பெற்றோர், ‘அப்பாடா’ என்பார்கள். இரு தரப்பும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தச் செய்தி பிள்ளையை யாரோ பார்த்துவிட்டு அனுப்புவதல்ல. வாசலில் மாட்டியிருக்கும் கருவியில் கடைசியாக என்ன பதிவானது என்பதைப் பார்த்து ஒரு மென்பொருள் அனுப்புவது.

கைரேகையோ, முகமோ, அடையாள அட்டையோ, எதைக் காட்டினாலும் கருவி எழுதிக்கொள்வது ஒரே ஒரு வரிதான்: யார், எத்தனை மணிக்கு, உள்ளேயா வெளியேயா. ஒன்பது அடித்ததும் மென்பொருள் ஒவ்வொருவரின் கடைசி வரியையும் பார்க்கும். ‘வெளியே’ என்றிருந்தால் அவுட்பாஸ் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ செய்தி போய்விடும். அறைக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரு முதலாண்டு மாணவியை எடுத்துக்கொள்வோம். மாலை 5.40-க்கு ஜெராக்ஸ் எடுக்க வெளியே போகிறாள், விரல் வைத்துவிட்டுத்தான் போகிறாள். 8.47-க்கு நான்கு தோழிகளோடு மழையில் ஓடிவருகிறாள். முன்னால் வந்தவள் விரல் வைக்கிறாள், கதவு திறக்கிறது, ஐந்து பேரும் திமுதிமுவென்று உள்ளே நுழைகிறார்கள். செக்யூரிட்டி அண்ணனுக்கு எல்லோரையும் தெரியும், ஒன்றும் சொல்வதில்லை. கருவியின் கணக்கில் அவள் இன்னும் வெளியேதான் இருக்கிறாள். 9.05-க்கு அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அவள் அம்மாவின் போனில் செய்தி விழுகிறது: ‘உங்கள் மகள் இன்னும் விடுதிக்குத் திரும்பவில்லை.’ மகளின் போன் அறையில் சார்ஜில் கிடக்கிறது. இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. அப்பா வார்டனுக்கு அடிக்கிறார், லைன் பிஸி. இருபது நிமிடம் கழித்து மகள் திருப்பிக் கூப்பிடுகிறாள்.

“ஏண்டி, எங்கதான் இருக்க?”

“மெஸ்லதாம்மா. தோசை வாங்கிட்டு இருக்கேன். என்னாச்சு?”

இதுகூடப் பரவாயில்லை, இருபது நிமிடப் பதைப்போடு போயிற்று. இதற்கு நேர்மாறான பிழைதான் ஆபத்து. யாரோ திறந்த கதவு வழியே விரல் வைக்காமல் ஒருத்தி வெளியே போய்விட்டால், கருவியின் கணக்கில் அவள் உள்ளேயே இருக்கிறாள். இரவு முழுக்க வராவிட்டாலும் எந்தச் செய்தியும் போகாது. செய்தி வரவில்லை என்பதால் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று பெற்றோர் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கருவி வாங்கிய விடுதியிலும் இரவில் அறை அறையாகப் போய்த் தலை எண்ணும் வழக்கத்தை விடக்கூடாது என்கிறேன். செலவை மிச்சம் பிடிப்பதற்காக அந்த வேலையை நிறுத்திவிட்டுக் கருவியை நம்புவதென்றால், கருவியே வேண்டாம்.

இன்னொரு வகைக் கோளாறை எளிதில் அடையாளம் காணலாம். மின்சாரமோ இணையமோ போய்விட்டால், பல கருவிகள் பதிவுகளைத் தம்மிடமே வைத்திருந்து பிறகு அனுப்பும். ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் அதற்காகக் காத்திருக்காது. ஒருவருக்கோ இருவருக்கோ செய்தி போனால் அது ஆளைப் பற்றிய விஷயம். ஒரே நிமிடத்தில் நாற்பது வீட்டுக்குப் போனால் அது கருவியைப் பற்றிய விஷயம். கருவி கடைசியாக எப்போது தொடர்பில் வந்தது என்பதை முதலில் பார்த்து, தொடர்பு அறுந்திருந்தால் வார்டனுக்கு மட்டும் தகவல் சொல்லிவிட்டு நிற்கும்படி அமைக்கச் சொல்லலாம். கருவியின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினாலும் குழப்பம்தான். வாசலில் நின்று செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

இனி அந்தச் செய்தியின் வாசகம். அதை வார்டன் நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. இந்தியாவில் நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசகத்தை, டிராய் விதிப்படி, தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும். பெயர், நேரம் போன்ற மாறும் விவரங்களுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தி வழியிலேயே தடுக்கப்படும். ஆகவே எச்சரிக்கையைப் பதிவுசெய்யும்போதே, ‘முந்தைய செய்தி தவறு, மாணவி விடுதியில் இருக்கிறார்’ என்ற திருத்தச் செய்தியையும் பதிவுசெய்துகொள்ள வேண்டும். மறந்துவிட்டால் நாற்பது வீட்டுக்கும் வார்டனேதான் போன் போட வேண்டியிருக்கும்.

தமிழில் அனுப்புவதில் ஒரு செலவுக் கணக்கும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘உங்கள்’ என்ற நான்கெழுத்துச் சொல்லே ஆறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கணக்குக்காகவே ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டு, அதைப் படிக்க ஆள் தேடும் பாட்டை அம்மாவிடம் விட்டுவிடுவது நியாயமில்லை.

பார்வையாளர் செய்தி வேறு ரகம். நேரம் தாண்டியதைச் சொல்வது பாதுகாப்பு என்றால், யார் பார்க்க வந்தார் என்பதைச் சொல்வது உறவுகளை வேவு பார்ப்பதாகிவிடக்கூடும். படிப்புக் குறிப்பு கொடுக்க வந்த வகுப்புத் தோழனின் பெயர், இடமும் சூழலும் இல்லாமல், ஒரு வரியாக ஊருக்குப் போகிறது. அங்கே அது எப்படி வாசிக்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை. தன் பெயரும் எண்ணும் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும் என்று அந்தப் பையனிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதிவேடு வாசலில் இருக்கட்டும், தேவை வந்தால் வார்டன் பார்க்கட்டும். பெற்றோருக்குத் தானாகப் போக வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

சட்டமும் இங்கே வருகிறது. கல்லூரி விடுதியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 18 வயது நிறைந்தவர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைத்தான் குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதம் அவர்களுக்குத்தான். வயது வந்தவரிடம் சம்மதம் பெறுவதானால் அவரிடமே கேட்க வேண்டும். எந்தத் தகவல், எதற்காக என்று எளிய நடையில் சொல்ல வேண்டும், விரும்பினால் தமிழிலும் படிக்கக் கிடைக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

நேரக் கட்டுப்பாடே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த டிசம்பரில் வந்த அரசு உத்தரவு ஆண், பெண் விடுதிகளுக்கு ஒரே நேரத்தை வைத்தது. இரண்டாம் ஆண்டு முதல் படிப்பவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு 9.30-க்குப் பிறகும் உள்ளே வரலாம் என்றது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த நோட்டீஸை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“இரவு 9.00 மணிக்கு உள்நுழைவுப் பதிவு இல்லாதவரை முதலில் அவருடைய எண்ணில் அழைப்போம். பிறகு அறையில் பார்ப்போம். 9.30 வரை தகவல் இல்லையென்றால் மட்டும், ‘நுழைவுப் பதிவு இல்லை, விசாரிக்கிறோம்’ என்று பெற்றோருக்குச் செய்தி போகும். தவறென்றால் உடனே திருத்தச் செய்தி வரும். பார்வையாளர் விவரம் வாசல் பதிவேட்டில் மட்டும் இருக்கும். ஆறு மாதத்தில் அழிக்கப்படும். பதிவிலுள்ள பெற்றோர் எண் சரிதானா என்று வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளவும். இரவில் பெற்றோர் அழைக்க வேண்டிய எண் இதன் கீழே உள்ளது.”