படம் சொல்லும் இடம்

எங்கள் பாட்டிமார் வைத்திருக்கும் பழைய நிழற்படங்களைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் ஊரும் தேதியும் எழுதியிருக்கக் காணலாம். இன்று கைப்பேசியில் எடுக்கும் படத்திற்கும் அப்படி ஒரு பின்புறம் உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாமல் படக் கோப்பிற்குள்ளேயே எழுதப்படுகிறது. இதை 'எக்ஸிஃப்' குறிப்பு என்பர். இடம் பதிவு செய்ய நாம் அனுமதி தந்திருந்தால், செயற்கைக் கோள்களின் உதவியால் கைப்பேசி கணித்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இடம்பெறும்.

காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு குளக்கரையில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறிப்பைத் திறந்தால் இவ்வாறு இருக்கும்:

```
GPSLatitudeRef   : North
GPSLatitude      : 11 deg 42' 18.00"
GPSLongitudeRef  : East
GPSLongitude     : 79 deg 31' 30.00"
GPSTimeStamp     : 03:40:12
DateTimeOriginal : 2025:07:10 09:10:12
```

42 நிமிடத்தை 60 ஆலும் 18 விநாடியை 3600 ஆலும் வகுத்து, 11 பாகையுடன் கூட்டினால் 11.705 வரும். இதே முறையில் தீர்க்கரேகை 79.525 ஆகும். இவ்விரு எண்களையும் வரைபடத்தில் இட்டால் இடம் தெரிந்துவிடும். திசை தனியாக எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். East என்பது West என்று மாறினால், நம் குளம் கரீபியன் கடலுக்குள் போய்விடும்!

அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் ஏறக்குறைய 31 மீட்டர். திறந்த வெளியில் கைப்பேசி சுமார் 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லும். அடர்ந்த முந்திரித் தோப்பிலோ கட்டடத்தினுள்ளோ பிழை மிகும். சில வேளைகளில் சற்று முன்பு கணித்த பழைய இடத்தையே கைப்பேசி எழுதிவிடுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இரு நேரங்களையும் ஒப்பிடலாம். GPSTimeStamp உலகப் பொது நேரம். அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம் வரும். மேலே உள்ள படத்தில் இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் இடம் பழையதாக இருக்கலாம், அல்லது யாரோ குறிப்பைத் திருத்தியிருக்கலாம். திருத்துவது கடினமன்று, இரு நேரங்களும் பொருந்தும்படியே திருத்தவும் முடியும்.

இந்த எண்களை நம்பிக் கூலி கொடுத்த காலமும் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில், 2023 ஜனவரி முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர்த்த எல்லாப் பணித்தளங்களிலும் தொழிலாளரின் வருகையை ஒரு கைப்பேசிச் செயலியில் பதிவது கட்டாயமாயிற்று. நாளுக்கு இரு முறை தொழிலாளரைப் படம் எடுத்து, இடமும் நேரமும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எழுதுவதைத் தடுப்பதே இதன் நோக்கமாக இருந்தது.

ஆனால் 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், இம்முறையில் நடந்த தவறுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் நம்மை வியக்க வைப்பது, படத்தையே படம் எடுத்து அனுப்பியதுதான். குளக்கரையில் நின்றுகொண்டு, வேறொரு கைப்பேசியின் திரையில் உள்ள பழைய படத்தை ஒருவர் எடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இடம் சரி, நேரம் சரி, எண்களில் ஒரு பொய்யும் இல்லை. படத்தில் நிற்பவர்கள்தாம் அன்று அங்கே இல்லை! எக்ஸிஃப் சொல்வது கைப்பேசி நின்ற இடத்தை மட்டுமே. அதன் முன்னால் இருந்தது குளமா திரையா என்பது அதற்குத் தெரியாது.

அதைக் கண்டறியப் படத்தையே உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. திரையைப் படம் பிடித்தால் பல வேளைகளில் மெல்லிய அலைக்கோடுகள் படியும். ஓரத்தில் திரையின் விளிம்போ கண்ணாடியின் பளபளப்போ தெரியும். நிழலும் ஒரு சாட்சி. காலை 9 மணிக்கு நிழல் மேற்குப் பக்கமாக விழவேண்டும். கிழக்கே சாய்ந்திருந்தால் அது பிற்பகலில் எடுத்த படம். எத்திசை கிழக்கு என்பதை ஊர்க்காரர் கோயில் கோபுரத்தையோ சாலையையோ பார்த்துச் சொல்லிவிடுவர். இவ்வகையில் வரைபடத்தைவிட ஊர்க்காரரின் கண்ணே சிறந்தது என்பது எங்கள் எண்ணம்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இடக்குறிப்பு நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால்தான் தங்கும். ஆகவே குறிப்பு இல்லாத படத்தைப் பொய்ப் படம் என்று தள்ளிவிட முடியாது. அதுபோலவே, சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாத நாளில், வெயிலில் மண் சுமந்த பெண்ணுக்கு அன்று வேலை செய்ததற்கான படம் இல்லாமல் போகிறது. அப்போது பணித்தளப் பொறுப்பாளரின் பதிவேட்டையும், உடன் வேலை செய்தவர்களின் சொல்லையும், அன்று வெட்டிய குழியின் நீள அகல ஆழத்தையும் கொண்டுதான் அவர் வந்தாரா என்று தீர்மானிக்க வேண்டும்.